எட்டு மணிக்குச் சொல்கிறோம்

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பணம் செலுத்தும் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. விரைவில் சரிசெய்யப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

இதை எழுதியது நான்தான். நுழைவுச்சீட்டு விற்கும் ஆப் ஒன்றில் திரையில் வரும் எழுத்துகளைக் கவனிப்பது என் வேலை. முதன்முதலாகப் பணம் கட்டும் வழி அடைத்துக்கொண்ட நாளில், கைக்கு வந்ததை இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை கிடையாது. மரியாதைக்கும் குறைவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் உதவிக் குழுவுக்கு வந்து குவிந்த செய்திகளில் ஒன்றை மட்டும் நான் இன்னும் வைத்திருக்கிறேன்: "சரி, என் பணம் போச்சா இல்லையா?"

அந்த மூன்று வாக்கியங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். அவருடைய கேள்விக்கு அதில் பதிலே இல்லை. கோளாறு யாருடையது என்று இல்லை. அவர் இப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இல்லை. "விரைவில்" என்பது பத்து நிமிடமா, நாளை காலையா, அதுவும் இல்லை. "நிறுத்தப்பட்டுள்ளது" என்ற சொல்லோ, நாங்களே யோசித்து முடிவெடுத்து நிறுத்திவைத்ததுபோல ஒலிக்கிறது. உண்மையில் எங்கள் அலுவலகத்தில் அப்போது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதல் அடைப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வந்த அடைப்பைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓரளவு யோசித்து எழுதியது அந்த மாலையில்தான். யோசித்தும் தவறியவை அதிலும் உண்டு.

மாலை 6:52க்குத் தொடங்கியது. எங்களுக்குத் தெரிந்தது 7:04க்கு. பணம் செலுத்தும் முயற்சிகளில் வெற்றி பெறும் பங்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் சரிந்தே கிடந்தால் மணி அடிக்கும்படி வைத்திருந்தோம். அந்த மணி அடித்து, ஒருவர் எடுத்துப் பார்த்து, "நம்ம சர்வர்ல ஒன்னும் இல்லையே" என்று உறுதி செய்துகொள்ள அவ்வளவு நேரம் பிடித்தது. பணத்தை வங்கிக்குக் கொண்டுசெல்லும் கேட்வே நிறுவனம், தன் சேவை ஓடுகிறதா என்று காட்டும் நிலைப் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் பச்சையாகவே இருந்தது. அதில் வியப்பில்லை. அந்தப் பக்கத்தையும் அங்கே ஒரு மனிதர்தான் மாற்ற வேண்டும். அவருக்கும் யாராவது மணி அடித்துச் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திரையில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அதைப் பொறுத்துத்தான் உண்மையோ பொய்யோ ஆகிறது.

ஒருவர் "பணம் செலுத்து" பொத்தானை அழுத்தியதும் அந்தக் கோரிக்கை எங்கள் சர்வருக்கு வருகிறது. அங்கிருந்து கேட்வேக்கு, கேட்வேயிலிருந்து எங்கள் சார்பில் பணம் பெறும் வங்கிக்கு, பிறகு கார்டு நெட்வொர்க் வழியாக அவருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். வழக்கமாக ஓரிரு விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அன்று கேட்வேக்கும் அதற்கு அடுத்த வங்கிக்கும் இடையில் நெரிசல். நாங்கள் 30 விநாடி காத்திருந்துவிட்டுப் போதும் என்று இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கைவிட்ட கோரிக்கைகளோ அந்தப் பக்கத்தில் சாகவில்லை. அவற்றில் சில 40ஆவது விநாடியில் வங்கியைப் போய்ச் சேர்ந்தன. வங்கியும் சம்மதம் சொல்லிவிட்டது. அந்தச் சம்மதத்தைக் கேட்க இந்தப் பக்கத்தில் யாரும் காத்திருக்கவில்லை.

இப்படிப் பார்த்தால் பணம் கட்டும் முயற்சி ஒன்று மூன்று விதமாக முடியலாம். ஆயிற்று. ஆகவில்லை. தெரியாது. பொறியாளர்கள் மூன்றாவதை டைம்அவுட் என்பார்கள். எங்கள் ஆப்பில் அதற்கென்று தனித் திரை இல்லை. "ஆகவில்லை"க்கு எழுதிவைத்திருந்த வரியே "தெரியாது"க்கும் வந்துகொண்டிருந்தது: "பணம் செலுத்துதல் தோல்வி. மீண்டும் முயலவும்."

தெரியாத ஒன்றைத் தோல்வி என்று சொன்னது முதல் பொய். மீண்டும் முயலச் சொன்னது அதைவிட மோசம். சொன்னதை மக்கள் செய்தார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

7:10க்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலில் கேட்டது, எல்லோரும் கேட்பதையே: "எப்போ சரியாகும்?"

"அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நினைக்கிறேன்" என்றார் பொறியாளர்.

முதல் அடைப்பின்போதும் இதே பதில்தான் வந்தது. அன்று அதை நம்பித் திரையில் இரண்டாவது அறிவிப்பாக "இன்னும் அரை மணி நேரத்தில்" என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து "இன்னும் அரை மணி நேரம்". பிறகு "சற்று நேரத்தில்". மூன்றாவது முறை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. பொறியாளரைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு எங்கே என்றே தெரியாதபோது அவர் சொல்வது மதிப்பீடுகூட அல்ல, ஆசை. அதுவும் இந்த முறை அடைப்பு எங்கள் வீட்டிலேயே இல்லை. இன்னொருவர் வீட்டுக் குழாய் எப்போது சரியாகும் என்று நாம் எப்படி நேரம் குறித்துக் கொடுப்பது?

அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன். "எட்டு மணிக்கு உங்களால எனக்கு ஏதாவது சொல்ல முடியுமா? சரியாகலைன்னாலும் பரவாயில்லை, 'சரியாகலை'ன்னு சொல்ல முடியுமா?"

"அது முடியும்."

அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. எப்போது சரியாகும் என்பது எங்கள் கையில் இல்லை. அடுத்து எப்போது பேசுவோம் என்பது முழுக்க எங்கள் கையில் இருக்கிறது. வாக்கு கொடுப்பதானால் கையில் இருப்பதற்குக் கொடுக்கலாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்: பணம் போயிற்றா? உதவிக் குழுவை நடத்துபவர், "பயப்பட வேண்டாம், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று போடுங்களேன், மக்கள் அமைதியாவார்கள்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தொலைபேசியில் திட்டு வாங்குவது அவருடைய ஆட்கள். ஆனால் 7:15 மணிக்கு அது எங்களுக்குத் தெரியாது. சிலருடைய கணக்கில் பணம் உண்மையாகவே பிடிக்கப்பட்டிருக்கும். அவர் தன் வங்கிச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் அறிவிப்பைப் படித்தால், அதற்குப் பிறகு நாங்கள் எழுதும் எதையும் நம்பமாட்டார்.

"எந்தப் பணமும் பிடிக்கப்படவில்லை" என்று எழுதலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டில் பணம் கட்டும்போது வங்கி முதலில் அந்தத் தொகையை ஒதுக்கி நிறுத்திவைக்கிறது. விற்பவர் அதை எடுத்துக்கொள்வது அடுத்த படி. இந்த இரண்டாவது படி நடக்காமல் போனால் நிறுத்திவைத்த தொகை பிறகு விடுபட்டுவிடும். விடுபடச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அது அந்தந்த வங்கியின் பழக்கம். எங்கள் கணக்குப் புத்தகத்தின்படி நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. அவருடைய திரையிலோ இருப்பு குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. "பிடிக்கப்படவில்லை" என்ற ஒற்றைச் சொல் அவரைப் பொறுத்தவரை பொய்யாகிவிடும்.

கொஞ்ச நேரம் மல்லாடிய பிறகு கிடைத்த வழி இது. பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டாலும், கடைசியில் என்ன ஆகும் என்று சொல்ல முடியும். பணம் போயிருந்தால் நுழைவுச்சீட்டு வரும், அல்லது பணம் முழுவதும் திரும்பும். மூன்றாவது முடிவு ஒன்று கிடையாது. நிதிப் பிரிவைக் கூப்பிட்டு, "இப்படி எழுதினால் நிறைவேற்றிவிடுவீர்களா?" என்று கேட்டேன். ஆகும் என்றார்கள். அதன் பிறகுதான் எழுதினேன். 7:18க்குத் திரையில் ஏறியது இது:

"இப்போது பணம் செலுத்த முடியவில்லை. கோளாறு எங்கள் பக்கம்தான்; உங்கள் கார்டிலோ போனிலோ இல்லை.

மாலை 6:50க்குப் பிறகு பணம் கட்ட முயன்றவர்கள் தயவுசெய்து மறுபடி முயல வேண்டாம். உங்கள் கணக்கில் தொகை கழிந்ததாகத் தெரிந்தால், ஒன்று நுழைவுச்சீட்டு வரும், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கைகளை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

எப்போது சரியாகும் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இரவு 8:00 மணிக்கு இதே இடத்தில் சொல்கிறோம்."

கொஞ்சம் நீளம்தான். வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். ஆனால் இதில் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதற்கு ஈடாக உதவிக் குழுவுக்கு ஒரு கேள்வி வரும்.

சில சொற்களைப் பற்றி விளக்க வேண்டும். அன்று நாங்கள் சண்டை போட்டது சொற்களுக்காகத்தான். "கோளாறு எங்கள் பக்கம்தான்" என்ற வரியை நீக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. உண்மையில் கோளாறு கேட்வேக்கு அப்பால். "எங்கள் பங்காளர் நிறுவனத்தின் கோளாறு" என்று போட்டால் என்ன? போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் வாங்குபவருக்கு அந்த நிறுவனத்தைத் தெரியாது. அவர் பணம் கட்ட வந்தது எங்களிடம். அவருக்கு வேண்டியது, "தப்பு என் கார்டிலா?" என்ற ஐயத்துக்குப் பதில். அது கிடைக்காவிட்டால் அவர் வேறு கார்டை எடுப்பார், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குவார், வங்கியைக் கூப்பிடுவார். எல்லாம் வீண் வேலை.

"உங்களால் பணம் செலுத்த இயலவில்லை" என்றுதான் முதல் வரைவில் இருந்தது. தமிழில் இந்த "உங்களால்" செய்யும் வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? இயலாமை படிப்பவருடையதாகிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு "இப்போது பணம் செலுத்த முடியவில்லை" என்றால் யாருக்கும் முடியவில்லை என்ற பொருள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. "பரிவர்த்தனை" என்ற சொல்லையும் எடுத்தோம். எவரும் வீட்டில் "பரிவர்த்தனை பண்ணிட்டேன்" என்று சொல்வதில்லை. "சிலருக்கு" என்று தொடங்கலாம் என்று சந்தைப்படுத்தும் குழு சொன்னது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பணம் போகாதபோது "சிலருக்கு" என்பது பச்சைப் பொய். மீதி இரண்டு பேரும் அதிர்ஷ்டசாலிகள், அவ்வளவுதான்.

மன்னிப்பு எங்கே என்று கேட்பீர்கள். அந்த மாலையின் முதல் அறிவிப்பில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டோம். இருக்கையைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்வதைவிட "வருந்துகிறோம்" பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாது. வருத்தத்தைக் கடைசி அறிவிப்புக்கு வைத்துக்கொண்டோம், எதற்காக வருந்துகிறோம் என்று எங்களுக்கே தெரிந்த பிறகு. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரியும்.

அறிவிப்போடு கூடவே பொத்தானையும் மூடினோம். இதைச் சொல்ல மறந்தால் மற்றதெல்லாம் பயனில்லை. மேலே "முயல வேண்டாம்" என்று எழுதிவிட்டுக் கீழே பொத்தான் பளிச்சென்று இருந்தால், கை எழுத்தைக் கேட்காது, பொத்தானைத்தான் கேட்கும். அறிவிப்பு வந்த இடமும் முக்கியம். கார்டு எண்ணை எல்லாம் உள்ளிட்ட பிறகு வந்து நிற்கும் அறிவிப்பு, வாசலில் பூட்டு இருப்பதை மாடி ஏறிய பிறகு சொல்வதுபோல. அதனால் இருக்கை தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ஒரு வரி, பணம் கட்டும் திரையில் முழு அறிவிப்பு. "என் நுழைவுச்சீட்டுகள்" திரையிலும் முழு அறிவிப்பு. 6:50க்குப் பிறகு முயன்று, வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் தவிப்பவர் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது அந்தக் கடைசித் திரையைத்தான்.

நிறம் பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. சிவப்பு வேண்டாம் என்றேன். சிவப்பில் எழுதினால் "நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்ற வரிகூட ஏதோ செய்யச் சொல்வதுபோலத்தான் படும். வெளிர் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. பார்வையற்றவர்களின் திரைபடிப்பான் மென்பொருளுக்கும் இதேபோல இரண்டு குரல் உண்டு என்பதை எங்கள் வடிவமைப்பாளர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இணையப் பக்கமாக இருந்தால் `role="alert"` என்று குறித்தால், படித்துக்கொண்டிருப்பதை இடைமறித்து அறிவிப்பைச் சொல்லும். `role="status"` என்றால் நடுவில் குறுக்கிடாமல் முறை வந்ததும் சொல்லும். நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். அமைதி என்பது காதுக்கும் இருக்க வேண்டும் இல்லையா?

எட்டு மணி ஆனது. சரியாகவில்லை. கேட்வேக்காரர்கள் இப்போதுதான் தங்கள் பக்கத்தைப் பச்சையிலிருந்து மாற்றியிருந்தார்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் சொல்வதுதான் கஷ்டம். "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம், நல்ல செய்தியோடு போடலாமே" என்று குழுவில் ஒரு குரல் எழுந்தது. அந்தப் பத்து நிமிடம் எங்களுக்குத்தான் பத்து நிமிடம். எட்டு மணிக்காகக் காத்திருந்து 8:01க்குத் திரையைப் பார்ப்பவருக்கு, நாங்கள் வாக்குத் தவறிவிட்டோம் என்பது மட்டுமே செய்தி. எட்டு மணிக்கே மாற்றினோம்:

"இரவு 8:00 மணி நிலவரம்: இன்னும் சரியாகவில்லை. பணத்தை வங்கிக்குக் கொண்டுசெல்லும் நிறுவனத்தின் இணைப்பில் நெரிசல் என்று தெரிய வந்திருக்கிறது. சரிசெய்யும் வேலை நடக்கிறது. உங்கள் இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த தகவல் 8:30க்கு."

அந்த அறிவிப்புக்குப் பிறகு உதவிக் குழுவுக்கு வரும் செய்திகள் குறைந்தன என்று அதை நடத்துபவர் சொன்னார். வந்தவற்றின் சுருதியும் மாறியிருந்தது. "8:30க்குப் பார்க்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல.

8:30க்கும் அதே கதை. இந்த முறை ஒரு விஷயத்தைச் சேர்த்தோம்: "இன்று இரவு சரியாகாவிட்டாலும் இருக்கைகளை நாளை நண்பகல் 12:00 வரை வைத்திருப்போம். விழித்திருந்து காத்திருக்க வேண்டாம்." என்னைக் கேட்டால் அன்று எழுதியதிலேயே உருப்படியான வாக்கியம் இதுதான். எப்போது சரியாகும் என்பதைவிட, அதற்காகத் தான் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதுதான் பலருக்குக் கேள்வி.

8:47க்குப் பணம் மறுபடி ஓடத் தொடங்கியது. அறிவிப்பை உடனே எடுக்கவில்லை. குழாயில் நீர் வந்ததும் முதலில் கலங்கலாகத்தான் வரும். முதலில் எங்கள் குழுவினரின் சொந்தக் கார்டுகளில் சில முயற்சிகள். பிறகு பத்தில் ஒருவருக்கு மட்டும் பொத்தானைத் திறந்து பார்த்தோம். 9:10க்கு எல்லோருக்கும்.

பணம் கட்ட வருபவர்களுக்கு அத்தோடு முடிந்தது. இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முடியவில்லை. 6:52 முதல் 7:18 வரையிலான 26 நிமிடங்களில் "தெரியாது" நிலையில் நின்றுபோன முயற்சிகள் எங்கள் பதிவில் 212. கேட்வேயின் பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். 131இல் பணம் போகவே இல்லை. 68இல் பணம் போயிருந்தது, நுழைவுச்சீட்டு உருவாகவில்லை. அவற்றை உருவாக்கி அனுப்பினோம். மீதி 13, ஒரே இருக்கைக்கு இரண்டாம் முறை பணம் போனவை.

அந்த 13 பேரும் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள். "மீண்டும் முயலவும்" என்றோம், முயன்றார்கள். இதைத் தடுக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் `Idempotency-Key` என்று ஒரு தனி அடையாளத்தை அனுப்பினால், அதே அடையாளத்தோடு இரண்டாம் முறை வருவதைக் கேட்வே புதிய கட்டணமாக எடுத்துக்கொள்ளாது. முதல் முறையின் முடிவையே திருப்பிச் சொல்லும். எங்கள் ஆப்பும் அதை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய அடையாளத்தை உருவாக்கியது. பூட்டு இருந்தும், தட்டியவர்களுக்கெல்லாம் புதுச் சாவி செய்து கொடுத்ததுபோல. இப்போது ஓர் ஆர்டருக்கு ஓர் அடையாளம், எத்தனை முறை அழுத்தினாலும். டைம்அவுட்டுக்கும் தனித் திரை வந்துவிட்டது: "பணம் போனதா என்று சரிபார்க்கிறோம். மறுபடி செலுத்த வேண்டாம்."

இரவு 10:40க்குக் கடைசி அறிவிப்பு. இதைப் பணம் கட்டும் திரையில் வைக்கவில்லை. அந்த 26 நிமிடங்களில் முயன்றவர்களின் "என் நுழைவுச்சீட்டுகள்" திரையில் மட்டும், அவரவர் நிலைக்கு ஏற்ப. இரண்டு முறை பணம் போனவர்களுக்கு வந்தது இது:

"உங்களிடம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம். மறுபடி முயலும்படி எங்கள் திரை சொன்னதால்தான் அப்படி ஆனது, வருந்துகிறோம். ஒரு கட்டணத்தை 10:30க்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். உங்கள் கணக்கில் தெரிய வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் ஆகலாம். உங்கள் நுழைவுச்சீட்டு செல்லும்."

திருப்பி அனுப்பிய நேரம் எங்களுக்குத் தெரியும், அதனால் நிமிடத்தோடு சொன்னோம். அது போய்ச் சேரும் நேரம் வங்கியின் கையில், அதனால் "சில நாட்கள்".

எல்லாம் நன்றாக முடிந்தது என்று படுத்தேன். மறுநாள் காலை 7:30க்கு ஒருவர் எழுதியிருந்தார்: "எட்டு மணிக்குச் சொல்கிறோம் என்று போட்டிருக்கிறீர்கள். நேற்று இரவு எட்டா, இன்று இரவு எட்டா? இன்னும் பணம் கட்ட முடியாதா?"

அவருடைய திரையில் முந்தைய நாள் 7:18இன் அறிவிப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது, பொத்தானும் மூடியபடி. படம் எடுத்தும் அனுப்பியிருந்தார்.

அறிவிப்பை ஆப்புக்குள் எழுதிவைத்தால் மாற்ற ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பை ஸ்டோருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே எல்லோரையும்போல நாங்களும் தொலைவிலிருந்து மாற்றும் அமைப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அதிலிருந்து ஆப் ஒரு முறை எடுத்ததைக் குறிப்பிட்ட நேரம் வரை கைவசம் வைத்திருந்து, பிறகுதான் மறுபடி கேட்கும். பரவலாக உள்ள ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிகில் நாமாக மாற்றாவிட்டால் அது 12 மணி நேரம். ஆப்பின் புதிய பதிப்பில் அதை ஒரு நிமிடமாகக் குறைத்திருந்தோம். பழைய பதிப்பில் 12 மணி நேரம் அப்படியே இருந்தது. அவரிடம் இருந்தது பழைய பதிப்பு. 7:18க்குப் பிறகு ஏதோ ஒரு நேரத்தில் ஆப்பைத் திறந்திருக்கிறார். முதல் அறிவிப்பு அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பின் வந்த எதுவும் சேரவில்லை. எட்டு மணிக்கும் 8:30க்கும் நிமிடம் தவறாமல் மாற்றினோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அவருக்கு அது எதுவும் தெரியாது.

இப்போது ஒவ்வொரு அறிவிப்போடும் அடுத்த தகவல் வரும் நேரம், அறிவிப்பு காலாவதியாகும் நேரம் என்று இரண்டு நேரங்கள் கூடவே போகின்றன:

```json
{
  "id": "payments-down",
  "next_update_at": 1741788000,
  "expires_at": 1741791600
}
```

நேரத்தை எழுத்தாக அனுப்புவதில்லை. "இரவு 8:00" என்று நாங்கள் எழுதினால் வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு அது வேறு எட்டு. எண்ணாக அனுப்பினால் அவரவர் போன் தன் ஊர் நேரத்தில், நாளையும் சேர்த்துக் காட்டும். "இன்னும் 40 நிமிடத்தில்" என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். எப்போதிலிருந்து 40 நிமிடம் என்பது பழைய அறிவிப்பில் தெரியாது.

`expires_at` தாண்டிவிட்டால், சர்வரிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும், ஆப் தானே அறிவிப்பைக் கழற்றிவிட்டுப் பொத்தானைத் திறந்துவிடும். அப்போதும் கோளாறு தீராமல் இருந்தால் பழைய அறிவிப்பு போய்ப் புதியது வராத ஓர் இடைவெளி விழலாம். அதற்காகச் சர்வரிலும் ஒரு வாயில் வைத்திருக்கிறோம்: ஆப் பொத்தானைத் திறந்துவிட்டாலும் கட்டணக் கோரிக்கைக்குச் சேவை இப்போது இல்லை என்று பொருள்படும் `503` பதில் வரும், கூடவே எத்தனை விநாடி கழித்து வரலாம் என்று `Retry-After`. கார்டு வரைக்கும் எதுவும் போகாது.

காலையில் எழுதியவருக்கு நானே பதில் எழுதினேன். அது நேற்றிரவு எட்டு, கோளாறு நேற்றே தீர்ந்துவிட்டது, உங்கள் போனில் பழைய அறிவிப்பு தங்கிவிட்டது எங்கள் தவறு, ஆப்பைப் புதுப்பித்தால் மறைந்துவிடும், இருக்கை நண்பகல் 12:00 வரை உங்களுடையதுதான் என்று. 9:20க்கு அவருடைய நுழைவுச்சீட்டு உருவானதைப் பதிவில் பார்த்தேன்.